ஒன்பது நிமிஷக் கணக்கு

பன்னிரண்டு வாரப் பயிற்சித் திட்டம் காகிதத்தில் பார்க்க ரொம்ப லட்சணமாக இருக்கும். செவ்வாய் கடினம், வியாழன் லேசு, சனி லேசு, ஞாயிறு நீளம். மூன்று வாரம் ஏற்றம், நாலாவது வாரம் இறக்கம். கட்டம் கட்டமாகப் பிரித்து, கலர் பேனாவில் தலைப்புப் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால், பாதிப் பயிற்சி முடிந்த நிறைவு அப்போதே வந்துவிடுகிறது. இதையெல்லாம் தயாரிக்கிறவர்களுக்குக் குடும்பம் என்று ஒன்று கிடையாது என்பது என் துணிபு. எந்தக் கட்டத்திலும் 'மைத்துனன் கல்யாணம்' என்றோ 'யூரியா லோடு' என்றோ எழுதியிருக்காது.

நான் கச்சிராயபாளையத்தில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். வயது 48. ஊருக்கு மேற்கே கோமுகி அணை, அதைத் தாண்டினால் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்குப் போகும் ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. சித்திரையில் ஒரு கியர் சைக்கிளில் அந்த ஏற்றத்தை முதல்முறையாக ஏறினேன். அடிவாரத்தில் தொடங்கி, ஏற்றம் கொஞ்சம் தணிந்து ஒரு டீக்கடை வருகிற இடம் வரைக்கும். 66 நிமிஷம். என்னோடு அடிவாரத்தில் புறப்பட்ட மலையாளிப் பெரியவர் ஒருவர், குறுக்குப் பாதையில் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு நடந்தே போய், எனக்கு முன்னால் அந்தக் கடையில் உட்கார்ந்து பாதி டீ குடித்திருந்தார். அவர் நேரத்தை நான் குறித்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு வாரம் கழித்து, ஆடி பிறந்த கையோடு அதே ஏற்றம் 57 நிமிஷத்தில் முடிந்தது. ஒன்பது நிமிஷம் லாபம். வீட்டில் கேசரி கிண்டினார்கள். மைத்துனன் மட்டும் கேசரியோடு நிற்காமல் கணக்கிலும் இறங்கினான்.

"சூப்பர் மாமா. அதே திட்டத்த இன்னொரு வாட்டி ஓட்டுங்க. நாப்பத்தெட்டு வந்துடும்."

இவன் கணக்குப்படி இன்னும் ஆறு திட்டம் முடித்தால் மூன்றே நிமிஷத்தில் மலைமேல் இருப்பேன். ஏழாவது திட்டத்தின் முடிவில், அடிவாரத்திலிருந்து கிளம்புவதற்கு ஆறு நிமிஷம் முன்பே டீக்கடையில் இருப்பேன். அவன் பி.இ. படித்தவன்.

எனக்கு இருபது வருஷமாகப் பேரேடு எழுதிப் பழக்கம். கடையில் வருஷக் கடைசியில் லாபம் நின்றால் முதலாளி சந்தோஷப்படலாம். கணக்குப்பிள்ளை படக் கூடாது. அந்த லாபம் உரம் விற்று வந்ததா, பழைய சாக்கு விற்று வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். சாக்கு விற்ற லாபம் அடுத்த வருஷம் வராது. அதனால் கேசரிக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, டைரியைத் திறந்து, ஒன்பது நிமிஷத்தையும் தலைவாரியாகப் பிரிக்க உட்கார்ந்தேன். அடுத்த பன்னிரண்டு வாரத்தில் எதை மாற்றுவது என்பது அதைப் பொறுத்தது.

முதல் பற்று, நின்ற நேரம். சித்திரையில் ஏறும்போது இரண்டு இடத்தில் காலை ஊன்றி நின்றேன். ஒரு தடவை தண்ணீர் குடிக்க. இன்னொரு தடவை இயற்கையை ரசிக்க. அதாவது, மூச்சு வாங்குவதை ரோட்டில் போகிறவர்கள் பார்க்காமலிருக்க. போனில் மொத்த நேரம் தனியாகவும் சக்கரம் உருண்ட நேரம் தனியாகவும் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று நிமிஷம். ஆடியில் நிற்கவேயில்லை. ஆக ஒன்பதில் மூன்று போயிற்று. நிற்காமல் ஏறியதும் பயிற்சியால்தானே என்று மைத்துனன் வாதாடினான். பாதி சரிதான். ஆனால் நிற்காமலிருக்க நான் செய்த பெரிய ஏற்பாடு, ஏறும் முன்பே தண்ணீர் குடித்துக்கொண்டது.

இரண்டாவது, எடை. செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவனுக்குக் காற்றுத் தடை ஒரு பொருட்டே இல்லை. காலில் உள்ள சக்தி ஏறக்குறைய முழுவதும் எடையை மேலே தூக்கத்தான் செலவாகிறது. அதனால் சக்தி மாறாமல் மொத்த எடை நூற்றுக்கு மூன்று குறைந்தால், நேரமும் கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்று குறையும். மொத்த எடை என்றால் ஆளும் சைக்கிளும் சட்டைப்பையில் இருக்கிற சாவிக்கொத்தும் எல்லாம் சேர்ந்தது. சித்திரையில் மொத்தம் 100 கிலோ. கடைத் தராசிலேயே நிறுத்தது. ஆடியில் 97. மூன்று கிலோவில் இரண்டு என் உடம்பில் குறைந்தது. மீதி ஒரு கிலோ, முதல் நாள் பையில் போட்டு மலை மேல் சுமந்து போன இரும்புச் சங்கிலிப் பூட்டு. அந்தக் கொண்டை ஊசி வளைவில் என் சைக்கிளை யார் திருடுவார், அதுவும் நான் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்போது, என்று மனைவி கேட்டதிலிருந்து பூட்டு வீட்டில் இருக்கிறது. சக்கரம் உருண்ட 63 நிமிஷத்தில் நூற்றுக்கு மூன்று, ஏறக்குறைய இரண்டு நிமிஷம். ஆக ஐந்து போயிற்று, மீதி நாலு.

அந்த நாலு நிமிஷத்துக்கும் பாத்தியதை கொண்டாட ஒரு கூட்டமே நிற்கிறது. சித்திரைப் பரீட்சை காலை ஒன்பது மணிக்கு நடந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒருவரிடம் செக் கொடுத்துவிட்டு வந்து, அதே சூட்டில், அதே காலோடு மலையேறினேன். ஆடிப் பரீட்சை விடிகாலை ஆறு மணிக்கு, மேகமூட்டம், வீட்டிலிருந்து நேராக அடிவாரம். வெயிலில் ரத்தத்தின் ஒரு பங்கு தோலைக் குளிர வைக்கப் போய்விடும். காலுக்குப் போவது குறையும். இதயம் அதை ஈடுகட்டக் கூடுதலாக அடிக்கும். காலைக் குளிரில் இந்தச் செலவு குறைவு. இதற்கு எத்தனை நிமிஷம் எழுதுவது? எனக்குத் தெரிந்த எந்தப் பேரேட்டிலும் அதற்கு விடை இல்லை.

அதோடு கியர். என் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரம். சின்னதற்குச் செயின் இறங்கவே இறங்காது. அது அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். பதினோராவது வாரம் கள்ளக்குறிச்சி மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்து, ஒரு குட்டி ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருப்பினார். செயின் சமர்த்தாகச் சின்னச் சக்கரத்தில் போய் உட்கார்ந்தது.

"இது வாங்கினதுலேருந்தே இப்படித்தாண்ணே இருந்திருக்கும். நீங்க கேக்கலயா?"

யாரைக் கேட்பது? கால்தான் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.2 சுற்று. ஏழு கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்கு 46 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்குகிற மாதிரி. முன்னால் 24 பல் என்றால் அதே வேகத்துக்கு 66 மிதி, ஒவ்வொன்றும் லேசு. வேலை ஒன்றுதான், தவணை முறையில் கட்டுகிறோம். தொடை சீக்கிரம் இறுகிப்போவது இதனால்தான் நின்றது. ஆக என் பன்னிரண்டு வார உழைப்பில் ஒரு பங்கு, அரைச் சுற்று ஸ்குரூவுக்கு எழுதப்பட வேண்டும். அவர் அதற்கு இருபது ரூபாய்தான் வாங்கினார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கலக்கம் வந்தது. பயிற்சியின் பங்கு நாலு நிமிஷமாக இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். மலை நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல வழியே இல்லை. வெயில், களைப்பு, கியர், பூட்டு எதுவும் கலக்காத வேறு ஓர் அளவு வேண்டும்.

அது மகள் ரூபத்தில் வந்தது. பிளஸ் ஒன் படிக்கிறாள். சனிக்கிழமை விடியலில் தன் லேடிஸ் சைக்கிளில் என்னோடு கள்ளக்குறிச்சி ரோட்டில் ஒரு குறிப்பிட்ட புளியமரம் வரை வந்து திரும்புவாள். அவள் வேகம் ஒரே வேகம். வண்டிக்கு கியர் கிடையாது, அவளுக்கு அவசரம் கிடையாது. போக வர 50 நிமிஷம். ஒன்றிரண்டு நிமிஷம் முன்னே பின்னே. நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டு நான் பக்கத்தில் மிதிப்பேன். அது இதயத் துடிப்பைக் குறித்துக்கொண்டே வரும். வேகம் மாறவில்லை, பாதை மாறவில்லை, நேரம் மாறவில்லை. என் துடிப்பு மட்டும் மாறினால், அந்த மாற்றம் என்னுடையது.

மே மாத எண்களைத் தூக்கி எறிந்தேன். அக்னி நட்சத்திரத்தில் விடியலும் வேகும். உடம்பு வெயிலுக்குப் பழகவே பத்துப் பதினாலு நாள் பிடிக்கும். அதை ஜூலையோடு ஒப்பிட்டால் பயிற்சிக்குப் பதில் பருவத்தைத்தான் அளந்திருப்பேன். ஜூன் நடுவில் சராசரித் துடிப்பு 136. ஜூலை நடுவில் 129. அதுவும் ஆடிக்காற்று மேற்கே மலையிலிருந்து நேராக முகத்தில் அடிக்க, திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்றில் மிதித்தும் 129. போகும்போது முதுகில் தள்ளிய காற்று, வரும்போது பறிப்பதை முழுசாக ஈடுகட்டாது. ஒரே வேகத்தில் மிதித்தாலும் எதிர்காற்று வாங்குவது, பின்காற்று தருவதைவிட அதிகம். அப்படியிருந்தும் குறைந்திருக்கிறது. அதே வேலையை இதயம் நிமிஷத்துக்கு ஏழு அடி குறைவாக அடித்துச் செய்கிறது.

ஆக, உரம் விற்ற லாபம் கொஞ்சம் இருக்கிறது. கேசரியில் ஒரு கரண்டி சாப்பிட்டேன்.

அடுத்த கேள்வி, திட்டம் என்று காகிதத்தில் இருந்ததில் எவ்வளவு நடந்தது என்பது. திட்டத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அதைச் செய்தோமா என்று பார்க்க வேண்டும். வாரம் நாலு, மொத்தம் 48 சவாரி. என் டைரியில் 41 டிக். இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் சுவரிலிருந்து மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு இருக்கும். ஒவ்வொரு தேதியின் ஓரத்திலும் பென்சிலில் எத்தனை லிட்டர், யார் வாங்கியது என்று இருக்கும். நான் வாங்கினால் வட்டம், அவள் வாங்கினால் பெருக்கல் குறி. இந்தப் பிரிவினை ஏன் என்று நான் கேட்டதில்லை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இருக்கிறது, ஏதோ ஒரு நாள் சாட்சிக்கு வரும் என்று தெரியும். நான் சைக்கிளில் போன நாள் எல்லாம் பால் வாங்கியது அவள். ஆக, டிக் போட்ட நாள்களில் எத்தனை பெருக்கல் குறியோ அத்தனைதான் சவாரி. விரலை வைத்து எண்ணினாள்.

"முப்பத்திநாலு."

"நாப்பத்தொண்ணு. டைரியில இருக்கே."

"அந்த ஏழு நாளும் பாலை நீங்கதான் வாங்கியிருக்கீங்க. சைக்கிள எடுத்துட்டு அணை வரைக்கும் போய், டீ குடிச்சுட்டு, வரும்போது பாலோட வந்தீங்க. அதையும் பயிற்சின்னு எழுதுனீங்களா?"

கிளம்பினது உண்மை, ஹெல்மெட் போட்டது உண்மை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. 34 என்று திருத்தி எழுதினேன். திருத்தியது நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் விட்டுப்போன 14 நாளும் எந்தெந்தக் கிழமை என்று பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பதினாலில் ஏழு, செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் என்றால் கடினப் பயிற்சி. மலையில் ஆறு நிமிஷம் மூச்சுமுட்ட ஏறி, நாலு நிமிஷம் இறங்கி ஓய்ந்து, மறுபடி ஏறி, இப்படி நாலு தடவை. மொத்தத் திட்டத்தின் உயிர் அதுதான். அதே செவ்வாய் விடியலில்தான் கடைக்கு லோடு வரும். ஆடிப்பட்டம் நெருங்க நெருங்க லாரி தவறாமல் வரும். மூட்டையை எண்ணி இறக்க நான் நிற்க வேண்டும். முக்கியமான பயிற்சியை, வாரத்திலேயே கிளம்ப முடியாத நாளாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு செவ்வாயில் ஐந்துதான் நடந்திருக்கிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு 'இனிமேல் வைராக்கியமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால், வைராக்கியம் வரும், கூடவே லாரியும் வரும். விட்டுப்போனவை கிழமைக்குக் கிழமை சிதறிக் கிடந்தால் குறை ஆளிடம். ஒரே கிழமையில் குவிந்து கிடந்தால் குறை கட்டத்தில்.

அந்த ஐந்து கடினப் பயிற்சிக்கு மட்டும் சாட்சி மலையிலேயே இருக்கிறது. மலைப்பாதையின் ஓரத்தில் தடுப்புச் சுவர் ஓடுகிறது அல்லவா, ஒவ்வொரு ஆறு நிமிஷமும் முடிகிற இடத்தில் அந்தச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் எண் எழுதுவேன். முதல் ஏற்றத்துக்கு 1, கடைசிக்கு 4. தொடங்கும் இடம் ஒன்றே. ஆக, கோடு எவ்வளவு மேலே விழுகிறதோ அவ்வளவு வேகம். ஞாயிற்றுக்கிழமை பெரியார் நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போகிற பையன்கள் இந்தக் கோடுகளைப் பார்த்து, ரோடு அகலப்படுத்த சர்வே போட்டிருப்பதாகப் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டேன். மறுக்கவில்லை.

இந்தக் கோடுகளைப் படிக்க ஒரு முறை உண்டு. நாலும் அடுத்தடுத்து நெருங்கி விழுந்திருந்தால் பயிற்சி உடம்புக்கு ஏற்ற அளவு; அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம். 4-ஆம் கோடு 1-க்கு வெகு கீழே விழுந்தால் ஏதோ தப்பு. ஆனால் அந்தத் தப்பு இரண்டு வகை. வைத்தியமும் வேறு வேறு. அதைப் பிரித்துக் காட்டுவது 4-ஆம் கோடு அல்ல, 1-ஆம் கோடு. போன தடவையின் முதல் கோட்டுக்கு மேலே இந்தத் தடவை முதல் கோடு விழுந்து, கடைசிக் கோடு சரிந்திருந்தால் அது பேராசை: முதல் சுற்றிலேயே கையிருப்பைத் தொலைத்திருக்கிறோம். முதல் கோடே போன தடவையைவிடக் கீழே விழுந்திருந்தால் அது களைப்பு: வரும்போதே காலி உடம்போடு வந்திருக்கிறோம்.

என் சுவரில் இரண்டாவது, மூன்றாவது வாரக் கோடுகள் அப்பட்டமான பேராசை. கோடு 1 எங்கோ, கோடு 4 ஒரு கரண்டுக் கம்பத் தூரம் கீழே. ஆறாவது வாரம் நாலு கோடும் ஒரு ஆள் நீளத்துக்குள். அந்த இடத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது வாரத்தில் முதல் கோடே ஆறாவது வாரத்துக்கு இருபது அடி கீழே. களைப்பு. கடினப் பயிற்சியில் பாதிக்கு மேல் டிமிக்கி கொடுத்த ஒருவனுக்குக் களைப்பு எங்கிருந்து வந்தது?

எட்டாவது வாரத்தைப் பார்த்தேன். அது 'இறக்க வாரம்'. சவாரியைப் பாதியாகக் குறைத்து, ஆனால் அடியோடு விடாமல், உடம்பை ஆற விட வேண்டிய வாரம். அந்த வாரத்தில்தான் சின்னசேலத்தில் மைத்துனன் கல்யாணம். சைக்கிளைத் தொடவேயில்லை, டைரியில் 'முழு ஓய்வு, சிறப்பு' என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சிறப்பு ஓய்வில் நான் செய்தவை: இரண்டு ராத்திரி கண் விழித்துக் காய்கறி நறுக்கும் இடத்தில் மேற்பார்வை, மண்டபத்துக்கு நாற்காலி இறக்கியது, பந்தியில் மூன்று சுற்று சாம்பார் வாளி. சவாரி இல்லை என்பதால் ஓய்வு ஆகிவிடாது. தூக்கம் போன வாரம், பயிற்சி நடந்த வாரத்தைவிட மோசம்.

ஆனால் கல்யாணத்தை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. பெரிய குற்றவாளி வியாழக்கிழமையில் ஒளிந்திருந்தான். 'லேசு' என்று எழுதிய வியாழன். லேசான சவாரிக்கு ஓர் எல்லை உண்டு: முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே மிதிக்க முடிய வேண்டும். எண்ணில் சொன்னால், உச்சத் துடிப்பில் முக்கால் பங்குக்குள். 220-லிருந்து வயதைக் கழி என்கிற கணக்குப்படி என் உச்சம் 172. ஆனால் மலையில் 178 வரை பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் தவறும். 178-இல் முக்கால் 133. டைரியில் வியாழன்களின் சராசரி 146, 148, 145. ஒரு நாள் 151.

காரணம் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை நான் போகும் ரோட்டில் ஒரு பால்காரர் வருகிறார். அறுபது வயது. கியர் இல்லாத பழைய சைக்கிள், இரண்டு பக்கமும் கேன், வேட்டியை மடித்துக் கட்டி, வாயில் வெற்றிலை. பின்னாலிருந்து முதலில் கேன்கள் மோதும் சத்தம் வரும். அப்புறம் அவர் வருவார். அப்புறம் அவர் முதுகு தெரியும். முப்பதாயிரம் ரூபாய் சைக்கிளில், இடுப்பு ஒட்டிய பேன்ட் போட்டுக்கொண்டு, நெஞ்சில் பட்டையோடு போகிறவன் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு 133-இல் மிதிக்க வேண்டும் என்று எந்த விஞ்ஞானமும் எதிர்பார்க்க முடியாது. நான் முந்துவேன். அவர் சிரித்துக்கொண்டே, "போங்க சார், போங்க. எனக்குப் பால் தளும்பும்" என்பார். துடிப்பு 151.

நீண்ட தூரப் பந்தய வீரர்களின் பயிற்சியைப் பல வருஷம் ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர் என்பவர், அவர்கள் பத்தில் எட்டுப் பயிற்சியை லேசாகத்தான் செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். உலக சாம்பியன்களே லேசாக ஓட்டுகிற இடத்தில், உரக்கடைக் கணக்குப்பிள்ளை பால்காரரை விரட்டிக்கொண்டிருக்கிறான். இந்த நடுத்தர வேகத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஆறுவதற்கு அது அதிகம். முன்னேறுவதற்கு அது போதாது. களைப்பு மட்டும் சேரும். சுவரில் முதல் கோட்டை இருபது அடி கீழே இறக்கியது இதுதான். மகளோடு போன சனிக்கிழமைகளில்தான் நான் ஏறக்குறைய அந்த எல்லையில் ஓட்டியிருக்கிறேன். அவள் வழி நெடுக கெமிஸ்ட்ரி மிஸ்ஸைப் பற்றிப் பேசுவாள்; நடுநடுவே "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க?" என்பாள். முழு வாக்கியத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்குள் மைத்துனன் அடுத்த திட்டத்துக்கு ஒரு பட்டியலே தயாரித்துவிட்டான். ஜிம்மில் ஸ்குவாட், புரோட்டீன் பவுடர், லேசான புது சைக்கிள், ஆறு நிமிஷத்துக்குப் பதில் பத்து நிமிஷ ஏற்றம், வாரம் இரண்டு கடினம். எல்லாம் நல்ல பொருள்கள். ஆனால் ஐந்தையும் சேர்த்து மாற்றி அக்டோபரில் 52 நிமிஷம் வந்தால், ஐந்தில் எதற்குக் கேசரி கிண்டுவது? 60 வந்தால் எதைத் திட்டுவது? அதோடு, ஐந்தே தடவை செய்த பயிற்சியைப் போதவில்லை என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது போதுமா போதாதா என்று இன்னும் பரீட்சித்தே பார்க்கவில்லை.

அதனால் இரண்டே மாற்றம். கடினப் பயிற்சி செவ்வாயிலிருந்து புதனுக்குப் போகிறது. வியாழன் லேசு என்பது இனி நிஜமாக லேசு. துடிப்பு 133-ஐத் தாண்டினால் நெஞ்சுப்பட்டை போனில் கூவும்படி வைத்தாயிற்று. இவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. புதன் மூச்சுமுட்ட ஏறிவிட்டு வியாழனும் 148-இல் மிதித்தால் ஞாயிறு நீளச் சவாரிக்குக் கால் இருக்காது. பால்காரரிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். அவர் விஷயம் புரியாமல், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

ஏற்றம் ஆறு நிமிஷம், நாலு தடவை, அதே அளவுதான். சுவரில் நாலு கோடும் தொடர்ந்து மூன்று புதன் நெருங்கி விழுந்தால், அன்றைக்குத்தான் ஏழு நிமிஷம். முதல் கோடே சரிந்தால், அந்த வாரம் இறக்க வாரம், காகிதம் என்ன சொன்னாலும் சரி. இறக்க வாரங்களைக் காலண்டரைப் பார்த்துப் போடவில்லை. கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்து, அவை வராத வாரங்களில் போட்டிருக்கிறேன். ஆடியில் முகூர்த்தம் இல்லாதது வசதி. ஆவணியில் மூன்று பத்திரிகை ஏற்கெனவே வந்திருக்கிறது.

நீளத்தையும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து பன்னிரண்டு வாரம் எண்ணினால் அக்டோபர் கடைசியில் போய் நிற்கிறது. அப்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருக்கும். மலைப்பாதையில் மண் வழிந்து, இலை அழுகி, இறங்கும்போது பிரேக் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். ஆகவே பத்து வாரம். பரீட்சை அக்டோபர் நடுவில், விடியல் ஆறு மணி, வீட்டிலிருந்து நேராக, அதே சின்னச் சக்கரம், பூட்டு இல்லை, முன்பே தண்ணீர். ஏறும் முன் தராசில் நிற்பது உண்டு. ஆடியில் எப்படி இருந்ததோ அப்படியே. அப்போதுதான் 57-ஐயும் புது எண்ணையும் ஒரே பக்கத்தில் எழுத முடியும். சித்திரையின் 66-ஐ ஒரு கோடு போட்டு மூடிவிட்டேன். அது வேறு கணக்கு.

புதுக் காகிதத்தை மனைவியிடம் காட்டினேன். ஒரு கட்டம் விடாமல் படித்தாள். செவ்வாய்க் கட்டத்தில் 'லோடு' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்புறம் புதன்கிழமையில் விரலை வைத்தாள்.

"புதன் காலையில எனக்கு சுய உதவிக் குழுக் கூட்டம், ஆறரைக்கே போகணும். பாலை யார் வாங்குறது?"

ஆறு நிமிஷ ஏற்றம் நாலு, நாலு நிமிஷ இறக்கம் மூன்று, அடிவாரம் போக வர நேரம், எல்லாம் கூட்டிப் பார்த்தேன். நாலே முக்காலுக்குக் கிளம்பினாலும் ஆறரைக்கு வீட்டில் இருக்க முடியாது. அந்த ஏழு நாள் போல அணை வரை போய்த் திரும்பினால் மட்டும் முடியும் என்று அவளே சொன்னாள். மைத்துனன், பால் பவுடர் வாங்கிவிடலாம் என்கிறான். அதைப் பட்டியலில் ஆறாவது மாற்றமாகச் சேர்த்துக்கொள்வதாக அவனே எழுதியும் விட்டான். கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.